பூட்டு கத்துகிறது, பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது

அனுப்புநர்: திருமங்கலத்தில் மோட்டார் வைண்டிங் கடை நடத்தும் உங்கள் வாடிக்கையாளர்
பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: ஸ்மார்ட் பூட்டு ஐந்தே வாரத்தில் ‘பேட்டரி குறைவு’ என்று கத்துவது குறித்து

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

உங்கள் பூட்டைத் தீபாவளிக்கு வாங்கினேன். கூடவே, உங்கள் டெக்னீஷியன் சொன்னாரே என்று, உங்கள் பெயரே போட்டிருக்கும் ரீசார்ஜபிள் பேட்டரி நான்கையும் சார்ஜரையும் வாங்கினேன். ஆறு மாதம் வரும் என்றார். மார்கழி பிறந்ததும் பூட்டு கத்த ஆரம்பித்தது. கோலம் போட என் மனைவி ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தால் கீச் கீச் என்று நான்கு தடவை. வீடே எழுந்துவிடும். அந்த மாதம் முழுக்க நாங்கள் தூங்கவில்லை. அதற்கு விலை போட்டால் பூட்டின் விலையே சின்னதாகத் தெரியும்.

உங்கள் இலவச எண்ணுக்கு ஏழு முறை பேசினேன். ஆறு பேர் பரவாயில்லை, மரியாதையாகவே உதவாமல் இருந்தார்கள். ஏழாவது தம்பியை மறக்கவே முடியாது. “சார், வின்டர்ல பேட்டரி சீக்கிரம் இறங்கும், அது நார்மல்” என்றார். தம்பி, இது திருமங்கலம் என்றேன். “எந்த ஊரா இருந்தாலும் வின்டர் வின்டர்தான் சார். பேட்டரி மாத்தத் தெரியலன்னா எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க” என்று லைனைத் துண்டித்துவிட்டார். இருபத்திரண்டு வருஷமாக நான் மோட்டார் கட்டுகிறேன். என்னைப் பார்த்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்கிறார்!

சரி, குளிருக்கே வருகிறேன். அன்று விடிகாலை என் கடைத் தெர்மாமீட்டர் 22 டிகிரி காட்டியது. குளிர் பேட்டரியைப் பாதிக்காது என்று நான் சொல்லவில்லை. கொடைக்கானலில் என் மச்சினன் வீட்டிலும் இதே பூட்டுதான், அவர் போட்டிருப்பது சாதாரண ஆல்கலைன். அங்கே குளிரில் பேட்டரிக்குள் இருக்கும் கரைசலில் அயனிகள் மந்தமாக நகரும், உள் தடை கூடும், மோட்டார் சுற்றுகிற நொடியில் வோல்ட் இறங்கிவிடும். அதனால் விடியற்காலையில் கத்தும், பத்து மணிக்கு வெயில் ஏறினால் தானாக அடங்கிவிடும். குளிர்தான் காரணம் என்பதற்கு அதுவே அடையாளம். என் வீட்டுப் பூட்டு மத்தியானம் இரண்டு மணி வெயிலிலும் கத்துகிறது. அதோடு, நீங்கள் விற்ற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி குளிரை ஆல்கலைனைவிட நன்றாகத் தாங்கும். உங்கள் பொருள்தானே, இது உங்களுக்குத் தெரியாமல் இருக்குமா?

கதவு இழுத்துப் பிடிப்பதால் மோட்டார் திணறுகிறதோ என்றும் சந்தேகப்பட்டேன். கதவைத் திறந்து வைத்து, தாழ்ப்பாள் எதிலும் உரசாமல் பூட்டிப் பார்த்தேன். அப்போதும் அதே கத்தல்தான்.

பிறகுதான் மல்டிமீட்டரை எடுத்தேன். முதலிலேயே எடுத்திருக்க வேண்டும், உங்கள் பேச்சை நம்பிய பாவம். நான்கு பேட்டரியும் 1.25, 1.24, 1.25, 1.24. மொத்தம் 4.98 வோல்ட். மோட்டார் சுற்றும்போது 4.74. உங்கள் கையேட்டின் கடைசிப் பக்கத்தில், 4.8 வோல்ட்டுக்குக் கீழே போனால் எச்சரிக்கை, 4.2-இல் மோட்டார் நின்றுவிடும் என்று நீங்களே அச்சடித்திருக்கிறீர்கள். பிரச்சினை முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

புது ஆல்கலைன் ஒன்று 1.6 வோல்ட் அளவில் தொடங்கிப் படிப்படியாகச் சரிந்துகொண்டே வரும். 1.2-க்கு வந்தால் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த பேட்டரிக்கு 4.8 நியாயமான கோடு. ரீசார்ஜபிள் அப்படி இல்லை. முதலில் கொஞ்சம் இறங்கி 1.2-ஐ ஒட்டியே படுத்துக்கொள்ளும், கடைசியில்தான் சட்டென்று விழும். அதன் மேலேயே 1.2 வோல்ட் என்று அச்சடித்திருக்கிறது. நாலு 1.2 எவ்வளவு? 4.8. அதாவது அதன் இயல்பான வோல்ட்டையே நீங்கள் ஆபத்துக் கோடாக வைத்திருக்கிறீர்கள். சார்ஜரிலிருந்து எடுத்துச் சூடு ஆறுமுன் போட்டால்கூட உங்கள் ஆப் 70 சதவீதம்தான் காட்டுகிறது. அதே இடத்தில் கடையில் வாங்கிய ஆல்கலைன் நான்கைப் போட்டேன், 100 சதவீதம்!

உண்மையில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க, பூட்டு கத்திய அன்று எடுத்த பேட்டரிகளை, மிச்ச சார்ஜை இறக்கி அளந்து காட்டும் என் கடை சார்ஜரில் போட்டேன். 2000 மில்லிஆம்பியர்-மணி என்று எழுதிய பேட்டரியில் 1450-க்குக் குறையாமல் வந்தது. முக்கால்வாசி உயிரோடு இருப்பதற்குச் சாவு மேளம் அடிக்கிறது உங்கள் பூட்டு. திரும்பச் சார்ஜ் செய்து போட்டேன், ஐந்தாவது வாரம் மறுபடி கத்தியது. கத்தட்டும் என்று விட்டேன். இன்று ஒன்பதாவது வாரம், மோட்டார் ஒரு முறைகூடத் தடுமாறவில்லை.

இதற்கிடையில் உங்கள் பேச்சைக் கேட்டு, அதே ரீசார்ஜபிள் இன்னொரு செட் 1,350 ரூபாய் கொடுத்து வாங்கியதைச் சொல்ல மறந்தேன். அதுவும் அப்படியேதான். வேறெப்படி இருக்கும்?

இனி காளவாசலில் இருக்கும் உங்கள் சர்வீஸ் சென்டருக்குப் போன கதை. “பூட்டைக் கழற்றிக் கொண்டுவாங்க” என்று மூன்றாவது போனில் சொன்னார்கள். கழற்றினேன். கதவில் ஓட்டை. பழைய வேட்டியைத் திணித்து, மனைவியைக் காவலுக்கு உட்கார வைத்து, கடைக்குப் பூட்டுப் போட்டு (அது சாதாரணத் திண்டுக்கல் பூட்டு, அதற்கு பேட்டரி வேண்டாம்), பழங்காநத்தத்தில் இறங்கி வேறு பஸ் பிடித்துப் போனேன். “ஆன்லைன்ல டோக்கன் போட்டீங்களா? போடலன்னா இன்னைக்குப் பார்க்க முடியாது.” அவ்வளவுதான். பூட்டைப் பையில் இருந்து வெளியே எடுக்கக்கூட விடவில்லை. அன்று கடை மூடியதற்கு ஐயாயிரம் ரூபாய் நஷ்டம் என்று போடுகிறேன். அதிகம் என்று தோன்றினால் நேரில் வந்து கணக்குப் பாருங்கள், டோக்கன் இல்லாமலே உட்கார வைக்கிறேன்.

எச்சரிக்கை சீக்கிரம் வருவது நல்லதுதான், வாசலில் மாட்டிக்கொண்டு நிற்பதைவிட மேல் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் எப்போதும் கத்துகிற எச்சரிக்கையை யார் மதிப்பார்கள்? உண்மையில் தீரும் நாளில் நாங்கள் வெளியேதான் நிற்போம்.

தயவுசெய்து செய்ய வேண்டியது பெரிதல்ல. ஆப்பில் ஆல்கலைனா, ரீசார்ஜபிளா என்று தேர்ந்தெடுக்க ஒரு இடம் கொடுத்து, ரீசார்ஜபிளுக்குக் கோட்டைக் கீழே இறக்குங்கள். 4.4 வைத்தால்கூட மோட்டார் நிற்பதற்கு முன் இடம் இருக்கிறது. அதை அப்டேட்டாக அனுப்ப முடியாதென்றால், இரண்டு செட் பேட்டரி, சார்ஜர், அந்த ஒரு நாள், எல்லாவற்றுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். உங்களோடு சண்டை போட எனக்கு விருப்பமில்லை. பூட்டு என்ற வகையில் அது நல்ல பூட்டு.

15 நாள் பார்ப்பேன். அதற்குள் ஒழுங்கான பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்துவிட்டு மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் கிடையாது. மல்டிமீட்டரும் உங்கள் கையேடும் கூடவே வரும்.

இப்படிக்கு,
தூக்கம் கெட்ட வாடிக்கையாளர்,
திருமங்கலம்.

பி.கு.: இதற்குப் பதிலாக “பேட்டரியை மாற்றிப் பார்க்கவும்” என்று குறுஞ்செய்தி அனுப்ப வேண்டாம். அது ஏற்கெனவே ஏழு வந்திருக்கிறது.