சுவரைப் படம் எடுத்து வை

களியக்காவிளை

மக்களே,

உன் கேமராவையும் 24-70 லென்ஸையும் வாடகைக்கு விட ஆன்லைனில் விளம்பரம் போட்டிருக்கிறாய் என்று அம்மை சொன்னாள். நல்லதுதான். பைக்குள்ளேயே கிடந்தால் லென்ஸில் பூஞ்சைதான் பிடிக்கும். ஆனால் அதில் “இன்சூரன்ஸ் உண்டு” என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்கு இடிக்கிறது.

சொந்த உபயோகத்துக்கு எடுக்கும் பாலிசிகளில், வாடகைக்கு விட்ட பொருளுக்குப் பொறுப்பில்லை என்று பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். அந்த வரி இல்லாவிட்டாலும் இன்னொரு பள்ளம் உண்டு. நீயே கையில் கொடுத்த சாமானை ஒருவன் திருப்பித் தராமல் போனால், அது பொதுவாகத் திருட்டுக் கணக்கில் வராது, நம்பிக்கை மோசடி. பாரதிய நியாய சம்ஹிதாவில் திருட்டு 303, இது 316. திருட்டுக்கு மட்டும் பாலிசி வைத்திருந்தால் கம்பெனி கையை விரித்துவிடும். வாடகைக்கு விடுவதையும், திரும்பி வராமல் போவதையும் பாலிசி ஏற்கிறதா என்று எழுத்தில் கேள். இல்லையென்றால் சாமானுடன் நம் ஆள் ஒருவர் கூடவே போகிற வாடகை மட்டும் போதும்.

டெபாசிட் விஷயத்துக்கு நம் ஸ்டுடியோவில் நடந்ததையே சொல்கிறேன். பாறசாலையில் ஒரு கல்யாணத்துக்கு 24-70 போனது, டெபாசிட் 15,000. திரும்பி வந்தபோது வெளியே ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் முக்காலியில் வைத்து எஃப் 2.8-இல் எதிர்வீட்டுச் செங்கல் சுவரைப் படம் எடுத்தால் வலது ஓரம் மட்டும் கலங்கியிருந்தது. கீழே விழுந்த லென்ஸில் உள்ளே கண்ணாடி நகர்ந்தால் இப்படித்தான் ஒரு பக்கம் மங்கும். “முன்னமே இப்படித்தானே இருந்தது சேட்டா” என்றான் வாடகைக்கு எடுத்த பையன். கொடுக்கிற அன்று அவன் முன்னாலேயே அதே சுவரை அதே எஃப் 2.8-இல் எடுத்த படத்தைக் காட்டினேன். சீரியல் நம்பர் தெரியும் வீடியோவும் இருந்தது. அதற்குமேல் அவன் வாதாடவில்லை. சர்வீஸ் சென்டர் பில் 9,000 வந்தது, மீதி 6,000-ஐத் திருப்பிக் கொடுத்தேன். மொத்தத்தையும் வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதினாலும் செல்லாது. ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவில், எழுதிய தொகைக்கு உட்பட்டு நியாயமான நஷ்ட ஈடுதான் கிடைக்கும்.

அதே 1872-ஆம் வருசத்துச் சட்டத்தின் 152-ஆம் பிரிவைத்தான் வாடகைக்கு விடுகிறவர்கள் பார்ப்பதே இல்லை. சாதாரண மனிதன் தன் பொருளைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு வாடகைக்காரன் கவனமாக இருந்திருந்தால், தனி ஒப்பந்தம் இல்லாதவரை சேதத்துக்கு அவன் பொறுப்பில்லை. மழையில் நனைந்தாலும் கூட்டத்தில் யாரோ தட்டிவிட்டாலும் “நான் ஜாக்கிரதையாகத்தான் வைத்திருந்தேன்” என்று சொல்லித் தப்பலாம். ஆகவே, எந்தக் காரணத்தால் கெட்டாலும் ரிப்பேர் செலவும், தொலைந்தால் இன்ன விலையும் தருகிறேன் என்று தொகை போட்டு அவன் கையெழுத்து இருக்கட்டும். வாட்ஸப்பில் “ஓகே” என்று வாங்குவது போதாது.

பாலிசியில் விலக்குகள் என்று ஒரு பக்கம் இருக்கும், அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. நான் பார்த்துச் சொல்லும்வரை அந்த “இன்சூரன்ஸ் உண்டு” வரியை எடுத்துவிடு.

அப்பா