வார்டன் அவர்களுக்கு: தரைத்தள அறை கேட்டு மூன்றாம் முறையாக

மதிப்பிற்குரிய விடுதி வார்டன் அவர்களுக்கு,

வணக்கம் ஐயா. என் வலது முழங்காலில் ஏசிஎல் ஜவ்வுக்கு அறுவை சிகிச்சை நடந்ததும், மூன்றாம் மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு அறை மாற்றித் தரும்படி இருமுறை எழுதிக் கொடுத்ததும் தங்களுக்குத் தெரியும். முதல் முறை மருத்துவச் சான்றிதழ் கேட்டீர்கள், கொண்டுவந்தேன். இரண்டாம் முறை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இப்பதான் நல்லா நடக்கிறியேப்பா, இன்னும் எதுக்கு ரூம் மாத்தணும்?" என்றீர்கள். அன்று சட்டென்று பதில் வரவில்லை. போன வியாழக்கிழமைக்குப் பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை. அலுவலகத்தில் கொடுத்த இரண்டும் எந்தக் கோப்பில் தூங்குகின்றனவோ, அதனால் இதை எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

நன்றாக நடக்கிறேன் என்பது உண்மைதான். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. கிழிந்த ஜவ்வை எனக்குத் தைக்கவில்லை. தொடையின் பின்பக்கத்திலிருந்து தசைநாண் எடுத்து, எலும்பில் துளையிட்டு, அதற்குள் செலுத்திப் பொருத்தியிருக்கிறார்கள். இடம் மாறிய தசைநாணுக்கு முதலில் சொந்த இரத்த ஓட்டம் கிடையாது. அதிலுள்ள பழைய செல்கள் பெரும்பாலும் மடிந்து, புது இரத்தக் குழாய்கள் உள்ளே வளர்ந்து, மெதுவாகத்தான் அது ஜவ்வாக மாறுகிறது. அந்த இடைவெளியில், பொருத்திய நாளில் இருந்த பலம்கூட அதற்கு இருக்காது. ஏறக்குறைய ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை அது மிகவும் பலவீனமாக இருக்கும். வலி குறைந்து ஆள் தேறிவிட்டதுபோலத் தெரிவதும் அதே வாரங்களில்தான். நான் இப்போது ஏழாவது வாரத்தில் இருக்கிறேன்.

மாடிக்கு 22 படி, மூன்று மாடிக்கு 66. வகுப்பு, சாப்பாடு என்று ஒழுங்காகப் போய்வந்தால் ஒரு நாளைக்கு நான்கு முறை இறங்கி நான்கு முறை ஏற வேண்டும், 528 படிகள். அதனால் மதியம் அறைக்கு வருவதை விட்டுவிட்டேன், இரவுச் சாப்பாட்டுக்குப் பல நாள் இறங்குவதில்லை. அப்படியும் கால் வீங்குகிறது. பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி முட்டிச் சில்லின் நடுவே டேப் வைத்துத் தினமும் அளக்கிறேன். காலையில் 37 செ.மீ., இரவில் 39. வெறும் இரண்டு சென்டிமீட்டர் என்று தோன்றலாம். ஆனால் மூட்டுக்குள் நீர் கோத்தால் முன்தொடைத் தசை தானாகவே சோர்ந்துவிடும். நாம் இறுக்க நினைத்தாலும் முழுதாக இறுகாது. இறங்கும்போது முட்டியைப் பிடித்து நிறுத்துவதே அந்தத் தசைதான்.

வியாழன் காலை நடந்தது அதுதான். முந்தின நாள் வீக்கம் வடியவே இல்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் அப்போதுதான் துடைத்துவிட்ட ஈரம். ஊன்றுகட்டையைக் கீழ்ப்படியில் வைத்து, வலது காலை இறக்கினேன். இடது காலை எடுத்தபோது வலது முட்டி சட்டென்று மடிந்தது. கைப்பிடியோடு சரிந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்த தண்ணீர் பாட்டில் கழன்று கீழ்மாடி வரை உருண்டது. பின்னால் வந்த ஜூனியர் தூக்கிவிட்டான். ஜவ்வு தப்பித்ததா என்று டாக்டர் கையால் இழுத்துப் பார்த்துச் சொல்லும்வரை எனக்குத் தூக்கமில்லை. தப்பித்திருக்கிறது. அடுத்த முறையும் தப்பிக்கும் என்று அவர் சொல்லவில்லை.

தரைத்தளத்தில் அறை காலியில்லை என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். கடைசி அறையில் கால் உடைந்த நான்கு கட்டில்கள் தங்கியிருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவற்றுக்கு யார் சான்றிதழ் கொடுத்தார்களோ தெரியவில்லை, எனக்கு முன்னாலேயே தரைத்தளம் கிடைத்திருக்கிறது. "பசங்க சாப்பாடு எடுத்துட்டு வந்து தருவாங்கல்ல" என்கிறார்கள். தருகிறார்கள், நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் எனக்காக வகுப்புக்கும் பிசியோதெரபிக்கும் அவர்கள் போய்வர முடியாது. சீனியாரிட்டிப்படிதான் அறை என்ற விதி எல்லோருக்கும் பொதுவாக இருக்கலாம், அதில் மருத்துவக் காரணத்துக்கு ஒரு வரி கூடவா இடமில்லை?

மன்னிக்கவும் ஐயா, கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். நான் கேட்பது நிரந்தர மாற்றம் இல்லை. சான்றிதழில் எழுதியிருப்பதுபோல, அறுவை சிகிச்சை நடந்த நாளிலிருந்து மூன்று மாதம் முடியும்வரை தரைத்தளத்தில் ஓர் அறை. அந்தக் கட்டில் அறையாக இருந்தாலும் சரி, நண்பர்களே சுத்தம் செய்துகொள்கிறோம். படி ஏறலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த அன்றே சாவியைத் திருப்பித் தந்துவிட்டு என் பழைய அறைக்குப் போய்விடுகிறேன். முடியாது என்றால், தயவுசெய்து அதைக் காரணத்தோடு எழுத்தில் தாருங்கள். பதிலை வாங்க நான் அலுவலகத்துக்கு வரத்தான் வேண்டும் என்றால், ஒருமுறை இறங்கும்போதே வாங்கிக்கொள்ளும்படி காலை நேரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பணிவுடன்,
மூன்றாம் மாடி மாணவன்