நூலக வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நூலகர் அம்மா அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த ஆண்டு நம் நேரத்தை எல்லாம் விழுங்கிய வேலை ஒன்றே ஒன்றுதான்: நூலக மண்டபத்தில் ரேக்குகளை மாற்றி அமைத்தது. "இருந்ததை எதற்குக் கலைத்தீர்கள்?" என்று இன்னும் சிலர் கேட்கிறீர்கள். அதனால் அதை மட்டும் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

மண்டபம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். தெற்கு, வடக்குச் சுவர்கள்தான் நீளமானவை. ஜன்னல்கள் இரண்டிலும் உண்டு. நூலகரின் கவுன்ட்டர் தெற்குச் சுவரின் நடுவில், வாசல் அதற்குச் சற்று மேற்கே. முன்பு நான்கு நீள வரிசைகள் ஜன்னலுக்கு இணையாக நின்றன. 90 செ.மீ. அகல அலமாரிகளை எட்டு எட்டாக ஒட்டி, முதுகோடு முதுகாக நிறுத்திய இருபக்க வரிசைகள். ஒவ்வொன்றும் ஆளுயரத்துக்கு மேல், ஆறு தட்டு. நடைவழி 75 செ.மீ. ஒருவர் கீழ்த்தட்டைப் பார்க்கக் குந்தினால் அடுத்தவர் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

இந்த அமைப்பில் இரண்டு கோளாறுகள். ஜன்னல் ஓரத்து வரிசை வெளிச்சத்தை எல்லாம் தானே வாங்கிக்கொண்டது. உள்ளே பகலிலும் விளக்கு போட வேண்டும், வெயில் படும் பக்கத்துப் புத்தகங்களின் முதுகு வெளுத்துப்போனது. இன்னொன்று, கவுன்ட்டரில் உட்கார்ந்தால் கண்ணில் படுவது முதல் வரிசையின் ஒரு பக்கம் மட்டுமே. மீதி மூன்று நடைவழிகளில் யார் இருக்கிறார்கள், பக்கத்தைக் கிழிக்கிறார்களா, குழந்தை ரேக்கில் ஏறுகிறதா, எதுவும் தெரியாது.

சரி, வரிசைகளைத் திருப்பி ஜன்னலுக்குச் செங்குத்தாக நிறுத்தலாம் என்று முடிவானது. அப்போது வெளிச்சம் நடைவழிகளுக்குள் நேராக நுழையும்; புத்தகங்களின் முதுகில் நேர்வெயிலும் அவ்வளவாக விழாது. கவுன்ட்டருக்கு எதிரே நடைவழிகளின் வாய் திறந்திருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நேர் எதிரே உள்ள வழி மட்டும்தான் முழுசாகத் தெரியும். பக்கவாட்டில் தள்ளிப் போகப் போகப் பார்வை தேயும். எவ்வளவு தேயும் என்பதைக் காகிதத்திலேயே கணக்குப் போட்டுவிடலாம். கவுன்ட்டரிலிருந்து வரிசையின் முன்முனை வரை உள்ள தூரத்தை நடைவழியின் அகலத்தால் பெருக்க வேண்டும். அந்த வழியின் கிட்டத்து மூலை, கவுன்ட்டரின் நேர்கோட்டிலிருந்து எத்தனை மீட்டர் விலகியிருக்கிறதோ அதனால் வகுக்க வேண்டும். கிடைப்பதுதான் அந்த வழிக்குள் பார்வை போகும் ஆழம்.

நாம் எடுத்துக்கொண்டது ஆறு வரிசை, ஒவ்வொன்றும் நான்கு அலமாரி, அதாவது 3.6 மீட்டர் நீளம். கனம் 45 செ.மீ., நடைவழி 105 செ.மீ. கவுன்ட்டரிலிருந்து முன்முனைக்கு 3 மீட்டர். நடு வழி முழுக்கத் தெரியும். அதற்கு அடுத்த வழியின் கிட்டத்து மூலை 0.975 மீட்டர் விலகல்; கணக்குப்படி 3.2 மீட்டர் தெரிகிறது, கடைசி ஒரு முழம்தான் மறைவு. அதற்கும் அடுத்த, கடைசி வழிக்கு விலகல் ஏறத்தாழ இரண்டரை மீட்டர். அங்கே பார்வை 1.3 மீட்டரோடு நின்றுவிடும். அந்த வழியின் பெரும்பகுதி குருட்டு இடம்.

இதற்கு மருந்தாக வந்த யோசனைகளில் ஒன்று, வரிசைகளை விசிறி போல விரித்து நிறுத்துவது. லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தின் வட்ட வாசிப்பு மண்டபத்தில் 1857 முதல் மேற்பார்வையாளர் நடுவில் உட்கார்ந்திருந்தார், எல்லாத் திசையும் அவர் கண்ணில் பட்டது என்று ஓர் உறுப்பினர் எடுத்துக்காட்டினார். உண்மைதான், ஆனால் அது வட்டக் கட்டடம். நம் செவ்வக மண்டபத்தில் விசிறியாக வைத்தால் முன்முனையில் ஒரு மீட்டர் இருக்கும் வழி, பின்முனையில் மூன்று மீட்டரை நெருங்கிவிடும். இடம் வீண், மூலைகளும் வீண். கைவிட்டோம்.

குவி ஆடி மாட்டலாம் என்றார் இன்னொருவர். மாட்டியிருக்கிறோம், வடக்கு மூலைகளில் இரண்டு. அதில் ஆள் அசைவது தெரியும், கையில் என்ன செய்கிறார் என்பது தெரியாது. உதவிக்கு மட்டும்தான் அது.

கடைசியில் எடுபட்டது உயரத்தைக் குறைப்பது. நடு வழியின் இருபுறமும் உள்ள இரண்டு வரிசைகள் மட்டும் ஆறு தட்டோடு நிற்கின்றன. வெளியே உள்ள நான்கும் நான்கு தட்டுதான், 135 செ.மீ. உயரம். கவுன்ட்டரையும் கொஞ்சம் உயர்த்தி, உயரமான ஸ்டூல் போட்டோம். நூலகர் உட்கார்ந்தால் கண் மட்டம் ஏறத்தாழ 150 செ.மீ. குட்டை வரிசைகளின் தலைக்கு மேலாகப் பார்வை போகிறது. நிற்கிற பெரியவர் யாராக இருந்தாலும் தலையும் தோளும் தெரியும். மேடை கட்டி உயர்த்தலாமே என்ற பேச்சும் வந்தது. மேடை கட்டினால் சக்கர நாற்காலியில் வருகிற வாசகருக்கும், நாளைக்கு அப்படி வரக்கூடிய நூலகருக்கும் அது தடை. ஸ்டூல் போதும். அதே காரணத்தால் கவுன்ட்டரின் ஒரு பாகத்தைத் தாழ்வாகவே விட்டிருக்கிறோம். நடைவழிகளின் முனையில் சக்கர நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் கிடைக்கும்படி பார்த்துக்கொண்டோம்.

கணக்கை நம்பி மட்டும் ரேக்கை நகர்த்தவில்லை. தரையில் சுண்ணக்கட்டியால் வரிசைகளைக் கோடு போட்டு, மூலைகளில் 135 செ.மீ. உயரத்துக்கு அட்டைப்பெட்டிகளை அடுக்கி, ஸ்டூலில் கண் மட்டத்தில் நூலின் ஒரு முனையைக் கட்டினோம். மறுமுனையை ஒருவர் பிடித்துக்கொண்டு மண்டபம் முழுக்க நடந்தார். நூல் எங்கே பெட்டியில் உரசி வளைகிறதோ, அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் மறைவு. அந்த இடங்களைத் தரையில் குறுக்குக்கோடு போட்டுக் காட்டினோம். குழந்தைகள் பகுதி எங்கே வர வேண்டும் என்பதை அந்தக் குறுக்குக்கோடுகள்தான் சொல்லிக்கொடுத்தன.

குழந்தைகள் பகுதியைக் கிழக்குப் பக்கம் வைப்பது என்பது முதலிலேயே முடிவு. வாசல் கவுன்ட்டருக்கு மேற்கே இருப்பதால், வெளியே ஓடும் குழந்தை கவுன்ட்டரைத் தாண்டித்தான் போக முடியும். ஆனால் கிழக்குப் பக்கம் முழுவதையும் அவர்களுக்கே கொடுப்பதாக இருந்தது வரைபடம். நூல் வைத்துப் பார்த்தபோது, கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு முக்கோணத் துண்டு மறைவது தெரிந்தது. பெரியவர் நின்றால் தலை தெரியும். ஐந்து வயதுப் பிள்ளை நின்றால் தெரியாது. அதனால் பாய், படப் புத்தகங்கள், சின்ன நாற்காலிகள் எல்லாம் தென்கிழக்கு முன்பாகத்தோடு நிறுத்தப்பட்டன. பின்பாகத்துக்கு அகராதி, களஞ்சியம் போன்ற பார்வை நூல்களின் மேஜை போய்விட்டது. வந்து ஒரு சொல் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்களுக்குக் குழந்தைச் சத்தம் பெரிய தொந்தரவில்லை.

குழந்தைகள் பகுதியில் உள்ள ரேக்குகள் 90 செ.மீ. உயரம்தான். படப் புத்தகத்தின் முதுகு மெல்லிசு. முதுகைப் பார்த்து எந்தக் குழந்தையும் புத்தகம் எடுக்காது. அட்டை தெரியும்படி சாய்த்து வைக்கும் தட்டு பாதி, சாதாரணத் தட்டு பாதி. உயரம் குறைவுதானே என்று விட்டுவிடாமல் எல்லாவற்றையும் சுவரோடு திருகாணி போட்டு இறுக்கியிருக்கிறோம், ஏனெனில் தட்டைப் படியாக்கி ஏறாத குழந்தை கிடையாது. பெற்றோர் பெஞ்சு வரைபடத்தில் கவுன்ட்டருக்கும் பாய்க்கும் நடுவே இருந்தது. அப்படிப் போட்டால் நூலகருக்குத் தெரிவது நான்கு பெரியவர்களின் முதுகு. பெஞ்சு கிழக்குச் சுவரோரம் போனது.

மேற்குப் பக்கத்தில் வாசலை ஒட்டி நாளிதழ், பருவ இதழ்ப் பகுதி. அரை மணி நேரத்துக்கு வந்து போகிறவர்கள் உள்ளே நடமாட வேண்டியதில்லை. அதற்குப் பின்னால், வடமேற்கு மூலையில், தேர்வுக்குப் படிப்பவர்களின் மேஜைகள். மண்டபத்திலேயே அமைதியான இடம் அதுதான்.

அப்புறம், பலரும் கோபித்துக்கொண்ட விஷயம்: "ரேக்கைக் குறைத்துவிட்டீர்கள், புத்தகம் எங்கே?" முன்பு 384 தட்டுகள். இப்போது ஆறு வரிசைகளில் 224, சுவரோரம் 96, மொத்தம் 320. குழந்தைகள் ரேக் தனி. தட்டுகள் குறைந்ததைவிட, ஒரு தட்டில் வைப்பதைக் குறைத்ததுதான் முக்கியம். 90 செ.மீ. தட்டில் சுமார் 30 புத்தகம் திணித்திருந்தோம். இப்போது முக்கால் தட்டுதான், 23 அளவில். திணித்த தட்டில் விரல் நுழையாது. வாசகர் முதுகின் மேல்நுனியில் விரலை மாட்டி இழுப்பார், அட்டை அங்கேதான் முதலில் கிழியும். திரும்பி வந்த புத்தகத்தை அதன் எண் வரிசையில் செருகவும் இடம் இருக்காது. பணியாளர் கிடைத்த சந்தில் வைத்துவிட்டுப் போவார். தவறான தட்டில் போன புத்தகம் தொலைந்ததற்குச் சமம். இடமில்லாமல் போனவை இரண்டாம் மூன்றாம் பிரதிகளும், நெடுநாளாக யாரும் எடுக்காதவையும். அவை பின்னறையில் பத்திரமாக உள்ளன. கவுன்ட்டரில் கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

கூரை விளக்குகளை மாற்றவில்லை. அவை இப்போது வரிசைகளுக்குக் குறுக்காக ஓடுகின்றன. எல்லா வழிக்கும் பரவலாக வெளிச்சம் விழுகிறது. உயரமான இரண்டு வரிசைகளின் கீழ்த்தட்டு மட்டும் கொஞ்சம் இருட்டு. அந்தத் தட்டுகளைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்ததில் எண் ஒட்டிய முதுகு கண்ணுக்குத் தெரிகிறது. அந்த இரண்டு வரிசைகளின் தலைகளையும் குறுக்குச் சட்டத்தால் பிணைத்திருக்கிறோம். ஒன்று சாய்ந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும்.

நிலுவையில் உள்ளவை இரண்டு. படிப்பு மேஜைகளுக்கு மின்இணைப்பு இன்னும் வரவில்லை. வயரைத் தரையில் ஓடவிடாமல் சுவரோரம் கொண்டுவர எலக்ட்ரீஷியனிடம் பேசியிருக்கிறோம்.

மற்றது உங்கள் முடிவுக்கு. குட்டை வரிசைகளின் மேல்தளம் காலியாக இருக்கிறது, அங்கே புதுவரவுகளைக் காட்சிக்கு வைக்கலாம், பூந்தொட்டி வைக்கலாம் என்று மூன்று கடிதங்கள் வந்துள்ளன. செயற்குழு இதை எதிர்க்கிறது. நிறுத்திவைத்த ஒரு புத்தகம் 20 செ.மீ. உயரம்; 135 உடனே 155 ஆகிவிடும், நூலகரின் கண் மட்டத்தைத் தாண்டிவிடும். புதுவரவுகளுக்குக் கவுன்ட்டர் பக்கத்தில் தனி ஸ்டாண்டு வாங்கவும், குட்டை வரிசைகளின் மேல் எதையும் வைப்பதில்லை என்று விதியில் சேர்க்கவும் பொதுக்குழு தீர்மானம் நிறைவேற்றித் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்