காற்றும் சத்தமாகப் பதிவாகும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சத்தம் அதிகமானால் எச்சரிக்கும் கைக்கடிகாரங்கள் பற்றிய கட்டுரை படித்தேன். எச்சரிக்கை வந்தால் இடத்தைவிட்டு விலகுங்கள் என்கிறது. எங்கள் பாம்பன் பக்கம் கச்சான் காற்று பிடித்துவிட்டால், ஆளில்லாத கடற்கரையில் நின்றாலும் கடிகாரம் 90 டெசிபல் என்று கையில் தட்டும். எங்கே விலகுவது?

கடிகாரத்தின் ஓரத்தில் உள்ள சின்னத் துளைக்குள் ஒரு மைக் இருக்கிறது. அதில் மெல்லிய சிலிக்கான் சவ்வும், அதை ஒட்டினாற்போல் துளையிட்ட தகடும் இருக்கின்றன. ஒலி பட்டுச் சவ்வு அதிரும்போது இரண்டுக்குமான இடைவெளி மாறுகிறது. அதனால் மின்தேக்கும் திறனும் மாறுகிறது. அந்த மாற்றத்தைத்தான் டெசிபலாகக் கணக்கிடுகிறார்கள். சவ்வுக்குத் தெரிந்தது காற்றழுத்தம் மட்டுமே. துளையின் விளிம்பில் மோதிச் சுழலும் காற்றும் அதற்குச் சத்தம்தான். நம் காதுக்கு மந்தமாகக் கேட்கும் தாழ்ந்த ஒலிகளைக் கணக்கில் குறைத்துக்கொள்கிறார்கள். அப்படியும் பலத்த காற்றில் மிச்சம் நிற்கும். ஒரு சுவருக்குப் பின்னால் ஒதுங்கிப் பாருங்கள். காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாமல் எண் மட்டும் மளமளவென்று இறங்கினால், அது காற்றின் வேலை.

இந்தத் தொல்லையால்தான் விசைப்படகு ஓட்டும் என் அண்ணன் மகன் எச்சரிக்கையையே அணைத்து வைத்திருந்தான். ஆனால் படகின் என்ஜின் அருகே, காற்றே படாத இடத்தில், அதே கடிகாரம் 95 காட்டியது. ஆப்பிள் வாட்ச் போன்றவை 3 நிமிடச் சராசரியைப் பார்த்தே எச்சரிப்பதால், ஒரு ஹார்ன் சத்தத்துக்கெல்லாம் தட்டாது. 95 என்றால் என்ன? 80 டெசிபலை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 80க்கும் 95க்கும் இடையே ஐந்து பாதிகள்: 20, 10, 5, இரண்டரை, கடைசியில் ஒன்றேகால் மணி நேரம். ஒரு வாரத்துக்கே அவ்வளவுதான். இரவு முழுக்க வலை இழுக்கும் படகில் அது ஒரு தடவை வலை இழுப்பதிலேயே தீர்ந்துவிடும்.

எண் குறைவாகக் காட்டுவதும் உண்டு. கடல்நீர் காய்ந்து துளையில் உப்பு படிந்தாலும், மழைக்கோட்டின் கை மூடியிருந்தாலும் அப்படி ஆகும். மின்விசிறி ஓடும் அறையில், நன்றாக இருக்கும் இன்னொரு கடிகாரத்தை அருகில் வைத்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும். தண்ணீர் தாங்கும் கடிகாரமென்றால் நல்ல தண்ணீரில் அலசி உலர விடலாம். ஊசியால் குத்தவே கூடாது. உள்ளே தண்ணீரைத் தடுக்கும் மெல்லிய படலம் கிழிந்துவிடும்.

இப்போது அவன் கரையில் எச்சரிக்கையை அணைத்து, படகேறும்போது போடுகிறான். என்ஜின் பக்கம் போனால் காதடைப்பான் மாட்டிக்கொள்கிறான். அப்போதும் கடிகாரம் தட்டத்தான் செய்யும். காதை மூடியிருப்பது மணிக்கட்டில் இருக்கும் மைக்குக்குத் தெரியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாம்பன்