கேள்வி இல்லாமல் வந்து விழும் ரத்த ரிப்போர்ட்: லேப்பில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

நாம் லேப்பில் வேலை பார்க்கிறோம் என்று தெரிந்தால் போதும், சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், கூடப் படித்தவர் என்று எல்லாரும் ரத்த ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். பாதிப் பேர் கூடவே ஒரு வார்த்தைகூடக் கேட்பதில்லை. பிடிஎஃப்பிலிருந்து வரிகளை எடுத்து ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதற்கு நம்மவர்களிடமிருந்து போகும் பதில் பெரும்பாலும் இரண்டே வகைதான். ஒன்று, "டாக்டரைப் பாருங்க" என்று ஒற்றை வரி. இல்லையென்றால் "அயர்ன் கம்மி, மாத்திரை போடுங்க" என்று தீர்ப்பு. இரண்டுமே வேண்டாம் என்பது என் கட்சி. தாளில் இருப்பதைப் புரியும்படி எடுத்துச் சொல்லலாம், நோய்க்குப் பெயர் வைக்கும் வேலையை மட்டும் விட்டுவிடலாம்.

முப்பத்தைந்து வயது அக்கா ஒருவர் இதை ஒட்டி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

```
Haemoglobin 10.4 g/dL 12.0-15.0
RBC 4.60 106/µL 3.8-4.8
PCV 33.0 % 36-46
MCV 71.7 fL 83-101
RDW 17.2 % 11.6-14.0
WBC 6.2 103/µL 4.0-10.0
Eosinophils 7 % 1-6
Platelets 285 103/µL 150-410
```

முதலில் ஒட்டியதில் என்ன கெட்டுப்போயிருக்கிறது என்று பாருங்கள். 10³ என்பதில் மேலே நின்ற 3 கீழே இறங்கி 103 ஆகிவிட்டது. 10⁶ என்பது 106 ஆகிவிட்டது. போன வருடம் வேறு லேப்பில் "பிளேட்லெட் 2.85 லட்சம்" என்று பார்த்தவர், இப்போது 285 என்று பார்த்தால் பதறத்தான் செய்வார். 285 ஆயிரமும் 2.85 லட்சமும் ஒன்றுதான் என்று ஒரு வரி எழுதினாலே அவருடைய பாதிக் கவலை தீர்ந்துவிடும். டெங்கு சீசனில் இதற்குத் தனி மதிப்பு உண்டு.

அப்புறம் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள். பிசிவி 33-ஐ ஆர்பிசி 4.6-ஆல் வகுத்துப் பத்தால் பெருக்கினால் 71.7 வருகிறது. அதுதான் தாளில் எம்சிவி. ஆக, ஒட்டும்போது இந்த மூன்று எண்களும் இடம் மாறவில்லை. கணக்கு உதைத்தால் விளக்கத்தை ஆரம்பிக்காதீர்கள். முழுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பெயரையும் போன் நம்பரையும் மறைத்துவிட்டு.

இனி விளக்கம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "அக்கா, ஹீமோகுளோபின் என்பது ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் பொருள். உங்களுக்கு 10.4. இந்த லேப் பெண்களுக்குப் போட்டிருக்கும் கீழ் வரம்பு 12, அதைவிடக் குறைவு. சிவப்பணுக்களின் எண்ணிக்கை வரம்புக்குள் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு அணுவும் வழக்கத்தைவிடச் சிறியது, அதைத்தான் எம்சிவி 71.7 சொல்கிறது. ஆர்டிடபிள்யூ கூடியிருப்பதால் அணுக்கள் ஒரே அளவில் இல்லை, சில பெரிது, சில சிறிது. வெள்ளணுக்களும் பிளேட்லெட்டும் வரம்புக்குள் இருக்கின்றன. அணுக்கள் ஏன் சிறுத்தன என்பதை இந்தத் தாளை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, அதற்கு வேறு டெஸ்ட் இருக்கிறது. டாக்டரிடம் காட்டிவிட்டீர்களா? வேறு ஏதாவது தெரிய வேண்டுமா?"

அவ்வளவுதான். கடைசிக் கேள்விகள் ஒப்புக்கு அல்ல. கேள்வி கேட்காமல் அனுப்பியவர் காலையிலேயே டாக்டரைப் பார்த்துவிட்டு, சும்மா ஒரு பிரதி இருக்கட்டும் என்றும் அனுப்பியிருக்கலாம். பயந்துபோய் கேட்க வாய் வராமலும் அனுப்பியிருக்கலாம். அவர் கர்ப்பமாக இருந்தால் வரம்பே மாறிவிடும். அந்தச் சமயத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுவதால் ஹீமோகுளோபின் இயல்பாகவே கொஞ்சம் இறங்கும்.

ஈசினோபில் 7 என்பதை விட்டுவிட்டேனே என்பீர்கள். அந்த வரி தடித்த எழுத்தில் வந்திருக்கும், அவர் கண்ணில் முதலில் பட்டதும் அதுவாகவே இருக்கும். ஆனால் அது சதவீதம். மொத்த வெள்ளணு 6,200, அதில் 7 சதவீதம் 434. எண்ணிக்கையாகப் பார்த்தால் வழக்கமாக 500 வரை வரம்புக்குள்தான். வரம்பு என்பதே நலமாக இருப்பவர்களில் நடுவிலுள்ள 95 சதவீதம் பேரின் அளவை வைத்துப் போட்ட கோடு. ஆகவே ஒன்றையொன்று சாராத 20 டெஸ்ட் எடுத்தால், எந்தக் குறையும் இல்லாத மூன்று பேரில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு ஏதாவது ஒன்று கோட்டைத் தாண்டித்தான் நிற்கும். "கொஞ்சம் தாண்டியிருக்கிறது, எண்ணிக்கையில் வரம்புக்குள் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு நகருங்கள். "அலர்ஜியா இருக்கும், பூச்சியா இருக்கும்" என்று ஆரம்பித்தால் அன்றிரவே வீட்டில் எல்லாருக்கும் பூச்சி மாத்திரை.

இப்போது நம் கை துறுதுறுக்கும் இடத்துக்கு வருகிறேன். எம்சிவியை ஆர்பிசியால் வகுத்துப் பார்க்கும் கணக்கு நமக்கெல்லாம் தெரியும். 71.7-ஐ 4.6-ஆல் வகுத்தால் 15.6. பதின்மூன்றுக்கு மேல் என்றால் இரும்புச்சத்துக் குறைவின் பக்கம் சாய்கிறது, கீழே என்றால் தலசீமியா கேரியர் பக்கம். ஆர்டிடபிள்யூவும் கூடியிருக்கிறது. அப்படியானால் இரும்புதான் என்று எழுதிவிடலாமே? கூடாது. அது எந்த டெஸ்ட்டை அடுத்து எடுப்பது என்று டாக்டர் யோசிக்க உதவும் கணக்கு. அதில் தப்பும் ஆட்கள் உண்டு, இரண்டும் சேர்ந்தே இருக்கும் ஆட்களும் உண்டு. ஃபெரிட்டின் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் ஹெச்பிஏ2 பார்க்க வேண்டும். இரும்பு குறைவாக இருக்கும்போது ஹெச்பிஏ2-வும் இறங்கிக் காட்டக்கூடும் என்பதால், அந்த முடிவைப் படிப்பதிலேயே சிக்கல் இருக்கிறது.

தவறாகச் சொன்னால் என்ன போயிற்று, இரும்பு மாத்திரைதானே என்பார்கள் சிலர். கேரியராக இருப்பவர் தேவையே இல்லாமல் வருடக்கணக்கில் இரும்பு விழுங்குவார். கணவரும் கேரியரா என்று யாரும் பார்க்க மாட்டார்கள். இருவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தலசீமியா நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. இன்னொரு பக்கம், இதே எண்கள் அறுபது வயது ஆணுக்கு வந்திருந்தால், இரும்பு குறைந்ததே உண்மை என்றாலும், அது எங்கே போகிறது என்பதுதான் முதல் கேள்வி. குடலில் சொட்டுச் சொட்டாக ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். மாத்திரை போட்டு ஹீமோகுளோபின் ஏறிவிட்டால் அதைத் தேடும் வேலை தள்ளிப்போகும். பெயர் சொல்லாமல் நிறுத்துவதற்கு இதுதான் காரணம், சட்டத்துக்குப் பயந்து அல்ல.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நிதானம் வேண்டாம். ஹீமோகுளோபின் 6, பிளேட்லெட் 15 ஆயிரம், பொட்டாசியம் 6.5 போன்ற எண் கண்ணில் பட்டால் ஒவ்வொரு வரியாக விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். லேப்பிலிருந்து நாமே டாக்டருக்குப் போன் போடும் எண்கள் அவை. பிளேட்லெட் இடிடிஏ குழாயில் திரண்டு ஒட்டியதால் பொய்யாகக் குறைந்திருக்கலாம், ரத்தம் எடுக்கும்போது அணுக்கள் உடைந்து பொட்டாசியம் பொய்யாக ஏறியிருக்கலாம். அது உங்களுக்குத் தெரியும் என்பதற்காக "மெஷின் தப்பா இருக்கும்" என்று ஆறுதல் சொல்லாதீர்கள். அதைத் திரும்ப ரத்தம் எடுத்துத்தான் உறுதி செய்ய வேண்டும். மெசேஜ் அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல் அவரைக் கூப்பிட்டு, "இந்த ஒரு எண்ணை இன்றே, இப்போதே டாக்டரிடம் காட்ட வேண்டும், எந்த ஆஸ்பத்திரி பக்கம்?" என்று கேளுங்கள். மற்ற வரிகளை நாளைக்குப் பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு லேப் டெக்னீஷியன்