கேமராவில் விழாத கடைசி சீட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிப் பேருந்துகளில் பெரிய பையன்கள் சின்னப் பையன்களைப் படுத்தும் பாடு பற்றி நீங்கள் வெளியிட்ட கடிதங்களில், கேமரா வைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். கேமரா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சீட்டின் உயரமான முதுகுக்குப் பின்னால் நடப்பது அதில் விழாது. பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்ஜின் சத்தத்தில் கேட்காது. பழைய பதிவு சில நாட்களில் அழிந்து அதன் மேல் புதியது ஏறிவிடும். பிள்ளை வாயைத் திறக்கவோ வாரக்கணக்கில் ஆகிறது. நடந்தது தெரிந்தவர்கள் கூடப் பயணம் செய்த பிள்ளைகள்தான். அவர்களிடம் எப்படிக் கேட்பது என்பதில்தான் பள்ளிகள் கோட்டை விடுகின்றன. நானும் விட்டிருக்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் நடந்தது இது. ஏழாம் வகுப்புப் பையன், பத்தமடையிலிருந்து வருகிறவன். தினமும் ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி வெயிலில் நடந்து வீட்டுக்கு வருகிறான், சாப்பாட்டு டப்பா மூடி மூன்று தடவை தொலைந்துவிட்டது என்று அவன் அம்மா வந்து சொன்னார். தலைமையாசிரியர் அவனையும், அதே பஸ்ஸில் வரும் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் நாலு பேரையும் ஒன்றாக அறைக்கு வரவழைத்தார். "இதுல யாருடே உன்ன அடிச்சா? பயப்படாம சொல்லு." பையன் சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றான். "ஒண்ணுமில்ல சார், சும்மா வெளாடுனோம்." நாலு பேரும் அவனுக்குக் கை கொடுத்தார்கள். பிரச்சினை முடிந்தது என்று எழுதி வைத்தோம். அந்த அறையில் நானும் இருந்தேன், தலையாட்டினேன். அதன் பிறகு அவன் அம்மாவிடம்கூட எதுவும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து எங்கள் ஆங்கில டீச்சர் ஒரு வழி சொன்னார். அந்த பஸ்ஸில் வரும் பிள்ளைகள் மொத்தம் 38 பேர். முன்கூட்டி அறிவிக்காமல் ஒரு நாள் காலை முதல் பீரியடில், அவரவர் வகுப்பிலேயே, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரு தாள் கொடுத்தோம். தாளின் மேல்பாதியில் பஸ்ஸின் படம்: டிரைவர், கதவு, வரிசையாக சீட்டுகள். நேற்று சாயங்காலம் நீ உட்கார்ந்த இடத்தில் வட்டம் போடு. உட்காரப் பிடிக்காத இடத்தில் பெருக்கல் குறி போடு. பள்ளி கேட்டிலிருந்து உன் ஸ்டாப் வரை பார்த்ததையும் கேட்டதையும் வரிசையாக எழுது. இவ்வளவுதான் கேள்வி. 'அடி', 'தொந்தரவு' என்ற சொற்களே தாளில் இல்லை. யார் செய்தது என்று எவர் பெயரையும் கேட்கவில்லை. ஒன்றும் பார்க்காதவனும் ஜன்னல் வழியே பார்த்த வயலையாவது எழுத வேண்டும். எல்லோருடைய பேனாவும் ஒரே அளவு ஓடினால்தான் 'இவன்தான் போட்டுக் கொடுத்தவன்' என்று யாரையும் கைகாட்ட முடியாது. அந்த நாலு பேரும் எழுதினார்கள். இன்டர்வெல் மணிக்கு முன்பே தாள்கள் எங்கள் கைக்கு வந்துவிட்டதால் கூடிப் பேசிக்கொள்ள அவகாசமில்லை.

பெருக்கல் குறிகள் கடைசி இரண்டு வரிசையில் விழுந்திருந்தன. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் தாளில் இருந்தது: "சுத்தமல்லி விலக்கில் ஆயாம்மா இறங்கினார்கள். அப்புறம் பாட்டு சத்தமாகப் போட்டார்கள்." இன்னும் நாலைந்து தாள்களிலும் அதே சங்கதி. பள்ளி வாகனத்தில் உதவியாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டின் 2012-ஆம் ஆண்டுச் சிறப்பு விதிகள் சொல்கின்றன. எங்கள் பஸ்ஸிலும் இருந்தார். அவர் வீடு அங்கே பக்கத்தில்தான் என்பதால் விலக்கில் இறங்கிக்கொள்வார். அங்கிருந்து பத்தமடை வரை பெரியவர் என்றால் டிரைவர் ஒருவர்தான், அவருக்கும் பாட்டுச் சத்தம். டப்பா மூடி ஜன்னல் வழியே பறந்ததெல்லாம் அந்தத் தூரத்தில்தான். இது பிள்ளைகளுக்குப் புகாராகவே தோன்றவில்லை. தினமும் நடப்பது, அவ்வளவுதான். 'யார் அடித்தா?' என்று கேட்டிருந்தால் இது எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

ஒன்பதாம் வகுப்புத் தாள்கள் மூன்றில் ஒரே வாக்கியம்: "அவனே மூடியை வெளியே எரிந்தான்." மூன்று பேருமே வல்லின றகரம் போடவில்லை. பிழைகூட ஒன்றாக இருந்தால் சேர்ந்து தயாரித்தது என்று தமிழாசிரியருக்குச் சொல்லவா வேண்டும்? முந்தைய விசாரணைக்குப் பிறகே பேசி வைத்திருக்கிறார்கள். அதில் ஒருவன் தன் வட்டத்தை முன்பக்கம் மூன்றாவது வரிசையில் போட்டிருந்தான். அங்கிருந்து கடைசி ஜன்னல் தெரியாது. பார்த்தது எது, கேள்விப்பட்டது எது என்று தாளைப் பிரித்து வைக்க அந்த வட்டங்கள்தான் உதவின.

பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம். சம்பந்தமே இல்லாத பிள்ளைகளையும் இடையிடையே கூப்பிட்டோம். பாதிக்கப்பட்டவனிடம் ஒரே ஒரு தடவை, டீச்சர் கேட்க, நான் எழுதினேன். அவன் சொன்ன வசவை அப்படியே எழுதினேன். "தகாத வார்த்தை" என்று நாகரிகமாக மாற்றி எழுதினால், சாதியைச் சொல்லித் திட்டியதுகூட நாலு நாளில் 'மாணவர்களுக்குள் சிறு வாக்குவாதம்' ஆகிவிடும். நம் மாவட்டத்தில் அது சின்ன விஷயமில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பள்ளியில் பட்ட தொல்லையைச் சொன்ன மாணவனை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதைத் தொடர்ந்துதான், பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது, 2024-இல் அறிக்கையும் வந்தது. சொன்னவன் யார் என்பது வெளியே கசிந்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பிள்ளைகள் புகாரைச் சீட்டில் எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டி நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதைத் தலைமையாசிரியர் அறை வாசலில் மாட்டினால், சீட்டுப் போடுகிறவனை வராண்டா முழுக்கப் பார்க்கும்.

வராண்டாவுக்கும் இதே தாள்தான், பஸ் படத்துக்குப் பதில் கட்டடத்தின் படம். எங்கள் பள்ளியில் மாடிப்படி திரும்பும் இடத்தில் குறிகள் குவிந்தன. இன்டர்வெல்லில் ஆசிரியர்கள் டீ குடிக்கும் இடத்தை அங்கே மாற்றினோம். டீ கொஞ்சம் ஆறிப் போகும், வேறு நஷ்டமில்லை.

இந்த முறை எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் எழுத மாட்டார்கள், பக்கத்தில் உட்கார்ந்து படத்தில் கை வைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். தாளில் பாலியல் சீண்டல் பற்றி ஒரு வரி தென்பட்டால், பள்ளி தன் விசாரணையை அங்கேயே நிறுத்திக் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். போக்சோ சட்டப்படி தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். அதனால், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது. "தேவையானவர்களுக்கு மட்டும் சொல்வேன்" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கடைசியில் அந்த நாலு பேரின் பெற்றோரையும் தனித்தனியாக வரவழைத்துப் பேசினோம், சீட்டுகளை மாற்றினோம். ஆயாம்மா கடைசி ஸ்டாப் வரை போய்த் திரும்ப வேண்டும் என்று முடிவானது. திரும்பி வரும் பஸ் காசை யார் கொடுப்பது என்று நிர்வாகம் இரண்டு கூட்டம் பேசியது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்தே டிக்கெட் காசு கிடையாதே என்று ஆங்கில டீச்சர் சொன்ன பிறகுதான் கூட்டம் கலைந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
பாளையங்கோட்டை.