மோதிரத்தோடு வைக்கும் சிறு அட்டை: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

கஸ்தூரியார் வீதி,
யாழ்ப்பாணம்.

அன்புடையீர்,

மோதிரம் எடுக்க வருபவர்களில் சிலர் பில் போட்ட பிறகும் கொஞ்ச நேரம் நின்று, "இதோட ஒரு துண்டு எழுதி வைக்கலாமோ, என்னத்தை எழுதுறது?" என்று மெல்லக் கேட்பதுண்டு. பெரும்பாலும் விரும்பியவரிடம் கலியாணம் கட்டச் சம்மதமோ என்று வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுபவர்கள், இதற்கு முன் யாரிடமும் இப்படிக் கேட்டுப் பழகாதவர்கள். அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

முதலில் இட அளவு. எங்களிடம் உள்ள அட்டையை மடித்தால் 7 சென்ரிமீற்றர் அகலம், 9 சென்ரிமீற்றர் உயரம் வரும். தமிழ் எழுத்துக்கு மேலே விசிறி, கீழே சுழி எல்லாம் இருப்பதால் வரிக்கு வரி 9 மில்லிமீற்றராவது விட வேண்டும். அப்படிப் பார்த்தால் ஒரு பக்கத்தில் 25 முதல் 30 சொற்கள்தான் வடிவாக அடங்கும். இது குறைவில்லை. கை நடுங்க அட்டையைப் பிடித்திருப்பவர் ஒரே மூச்சில் வாசித்து முடிக்கக்கூடிய அளவும் இதுதான்.

எழுதத் தொடங்கியதும் பலர் சறுக்குவது 'நீர்' என்ற ஒரு சொல்லில். எங்கள் ஊரில் 'நீ', 'நீர்', 'நீங்கள்' என்று மூன்று படிகள் உண்டு. கூடப் படித்தவர்களும் காதலிப்பவர்களும் அநேகமாக 'நீர், உம்மை, உமக்கு' என்றுதான் கதைப்பார்கள். அப்படிக் கதைத்தவர் அட்டையில் திடீரென்று 'நீ' என்று எழுதினால் படத்தில் வரும் வசனம் போலாகிவிடும். 'தாங்கள்' என்று எழுதினால் கந்தோர்க் கடிதம். எது சரி என்று எங்களைக் கேட்காதீர்கள், உங்கள் கைத்தொலைபேசியைப் பாருங்கள். கடைசியாக அவருக்கு அனுப்பிய இருபது செய்திகளில் எப்படி அழைத்திருக்கிறீர்களோ, அப்படியே அட்டையிலும் அழையுங்கள். கேட்பவர் பெண்ணாக இருந்து, காதலரை வழமையாக 'நீங்கள்' என்று கதைப்பவரென்றால், 'நீங்கள்' என்றே எழுதட்டும். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே படியில் நிற்பதுதான் முக்கியம்.

அடுத்தது கேள்வி. அட்டையில் ஒரு கேள்வி கட்டாயம் இருக்க வேண்டும், அதில் 'கலியாணம்' என்ற சொல்லும் இருக்க வேண்டும். கூச்சமுள்ளவர்கள் இந்தச் சொல்லைத்தான் சுற்றிச் சுற்றித் தவிர்ப்பார்கள். அன்பு, நேசம், வாழ்நாள் எல்லாம் எழுதிவிட்டு, கேட்க வந்ததைக் கேட்காமல் விட்டுவிடுவார்கள். பெட்டியைத் திறப்பவருக்கு அது பிறந்தநாள் பரிசா, கலியாணக் கேள்வியா என்று தெரியாது. அவர் "நல்ல வடிவாயிருக்கு, தாங்ஸ்" என்று சொல்லி விரலில் போட்டுவிட்டால், அதற்குப் பிறகு விளக்கம் சொல்வது இன்னும் கடினம்.

ஒரு மாதிரியை எடுத்துத் திருத்திப் பார்ப்போம். இப்படி ஒருவர் எழுதுகிறார் என்று வையுங்கள்:

"என் உயிரினும் மேலான அன்பே, நிலவு போன்ற உங்கள் முகத்தை முதன்முதலில் கண்ட நாள் தொடக்கம் எனது இதயம் உங்களுக்காகவே துடிக்கின்றது. நீ இல்லாமல் என்னால் வாழ முடியாது. இச்சிறிய பரிசை ஏற்றுக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கின்றேன்."

எழுதியவரின் மனது நல்ல மனது. ஆனால் 'உங்கள்' என்று தொடங்கியது நடுவில் 'நீ' ஆகிவிட்டது. நிலவு முகம் யாருக்கும் பொருந்தும். வாசிப்பவர் அதில் தன்னைத் தேடிக் காணமாட்டார். 'வாழ முடியாது' என்பதை நாங்கள் எப்போதும் எடுத்துவிடச் சொல்வோம். மறுத்தால் என்ன ஆகுமோ என்ற பயத்தை அது கொடுக்கும், பயத்தில் வரும் சம்மதம் உங்களுக்கும் வேண்டாம். கடைசி வரி விண்ணப்பப் படிவத்தின் முடிவு. கலியாணம் என்ற சொல் எங்குமே இல்லை.

நிலவு முகத்துக்குப் பதிலாக உங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு சம்பவத்தை வையுங்கள். பெரிதாக இருக்கத் தேவையில்லை. அவர் செய்த ஒரு காரியமாக இருந்தால் போதும், ஏனென்றால் அழகைப் பற்றிய புகழ்ச்சிக்கு வெட்கப்படுபவர்கூட, தான் செய்த ஒன்றை நீங்கள் நினைவில் வைத்திருப்பதைக் கண்டால் வெட்கப்படமாட்டார். இந்த மாதிரியை எழுதியவருக்கு ஒரு குடை நினைவுக்கு வருகிறது என்று வைத்தால், அட்டை இப்படியாகும்:

"(பெயர்),
அண்டைக்கு மழைக்குள்ள உம்மட குடையை என்னட்டைத் தந்திட்டு நீர் நனைஞ்சுகொண்டு போனீர். அது இண்டைக்கும் எனக்கு மறக்கேல்லை.
என்னைக் கலியாணம் கட்ட உமக்கு விருப்பமோ?
வீட்டில இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. யோசிச்சுச் சொல்லும்.
(பெயர்)"

பெயர்கள் இரண்டையும் சேர்த்து 26 சொற்கள். பேச்சுத் தமிழில் எழுதியதற்குக் காரணம், வாசிக்கும்போது உங்கள் குரல் அவர் காதில் கேட்க வேண்டும் என்பதுதான். 'விருப்பமா' என்று எழுதாமல் 'விருப்பமோ' என்று எழுதியதும் அதற்காகவே. எழுத்துத் தமிழில்தான் கை வரும் என்றால் அப்படியே எழுதுங்கள், ஆனால் இரண்டையும் கலக்காதீர்கள்.

வீட்டைப் பற்றிய வரி எங்கள் ஊருக்குத் தேவையான வரி. மோதிரத்தைக் கண்டதும் பலருக்கு முதலில் எழும் யோசனை, "இவர் வீட்டில சொல்லிப்போட்டாரோ? சாதகம் வரைக்கும் போட்டுதோ?" என்பது. உண்மை எதுவோ அதை நாலு சொல்லில் சொல்லிவிட்டால் அந்தப் பாரம் குறையும். ஏற்கெனவே அம்மாவிடம் கதைத்திருந்தால் "அம்மாவுக்குத் தெரியும்" என்று எழுதுங்கள். பொய் எழுத வேண்டாம். 'யோசிச்சுச் சொல்லும்' என்பது அவருக்கும் உதவும், உங்களுக்கும் உதவும். பதில் வரும்வரை முன்னால் நின்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

வெளிநாட்டில் வளர்ந்து தமிழைத் தட்டித்தடவி வாசிப்பவருக்குக் கொடுப்பதென்றால் கூட்டெழுத்து வேண்டாம். எழுத்துகளைத் தனித்தனியாக, பெரிதாக எழுதுங்கள். பெயரை அவர் எப்படி எழுதுகிறாரோ அப்படியே எழுதுங்கள். 'ஷ' போடுபவருக்கு 'ச' போட்டால், அந்த வேளையிலும் கண்ணுக்குத் தெரியும்.

கையால் எழுதுவதே நல்லது. குமிழ்முனைப் பேனை போதும். ஜெல் பேனை வடிவுதான், ஆனால் மினுங்கும் அட்டையில் மை ஊறாமல் மேலேயே நிற்கும், வேர்த்த விரல் பட்டால் இழுபடும். ஜெல் பேனைதான் வேண்டுமென்றால் மினுக்கம் இல்லாத அட்டையில் எழுதி, பத்து நிமிடம் திறந்தே வைத்துவிட்டு மடியுங்கள். முதலில் வேறு தாளில் அதே அளவு கட்டம் கீறி எழுதிப் பாருங்கள், கடைசி வரி நெருங்கிப்போவது அங்கேயே தெரிந்துவிடும்.

அட்டையைப் பெட்டிக்குள், மோதிரத்தின் மெத்தைக்குக் கீழே வைக்காதீர்கள். திறந்தவுடன் கண் மோதிரத்துக்குத்தான் போகும், கடிதம் வாசிக்கப்படாமலே கிடக்கும். பெட்டியின் மேல் வைத்து றிபனால் கட்டிவிட்டால் அதை அவிழ்க்காமல் பெட்டியைத் திறக்க முடியாது, ஆகவே கேள்வி முதலிலும் மோதிரம் பிறகும் வரும். வாய் திறக்கக் கூச்சமென்றால் இந்த ஒழுங்குதான் உங்களுக்காகக் கதைக்கும். அட்டையின் வெளிப்பக்கத்தில் அவர் பெயர் மட்டும் இருக்கட்டும். பண்ணைக் கடற்கரையில் கொடுக்க நினைப்பவர்கள் காற்றைக் கணக்கில் எடுங்கள். றிபனை முடிச்சுப் போடாமல் ஒரு இழுப்பில் அவிழும்படி கட்டித் தருவோம், அட்டையின் ஒரு மூலையில் துளையிட்டுக் கோர்த்தும் தருவோம். பொழுதுபட முன் கொடுங்கள், இருட்டில் தொலைபேசி வெளிச்சத்தில் வாசிக்க வைப்பது சங்கடம்.

கொடுக்கப் போகும் முன் பெட்டியையும் பையையும் ஒருமுறை பாருங்கள். பில்லும் நிறை எழுதிய துண்டும் உங்கள் பணப்பைக்குள் இருக்க வேண்டும். அளவு சரிவராவிட்டால் மோதிரத்தைத் திருத்த அந்தப் பில் தேவைப்படும்.

எழுதியதைக் காட்ட விரும்புபவர்கள் மோதிரம் எடுக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக, மதியத்துக்குப் பின் சனம் குறைந்த நேரத்தில் வாருங்கள். பெயர்களை மறைத்துவிட்டுக் காட்டினாலும் போதும். எழுத்துப் பிழை மட்டும் பார்த்துத் தருவோம், அட்டை இரண்டு தருவோம், ஒன்று பழுதானால் மற்றதில் எழுதலாம்.

இங்ஙனம்,
உங்கள் நகைக்கடையினர்